மோட்டாரை மாற்றும் முன் ஒரு படம் போடுங்கள்

போன கோடையில் பாகூர் பக்கம் என் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர் வந்தார். "சார், அஞ்சு எச்.பி. பத்தல. சோலார்ல ஏழரை எச்.பி. மானியத்துல தராங்களாம். நீங்களும் எழுதிப் போடுங்க. ரெண்டு பேருமா போய்ட்டு வந்துடலாம்" என்றார். பி.எம். குசும் திட்டம் 2019-இல் வந்தது. அதில் 7.5 எச்.பி. வரை சோலார் பம்புக்கு மானியம் உண்டு. அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் நான் எழுதிப் போடவில்லை. அதற்குப் பதிலாக சாரத்தில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். போர் மோட்டாரோ சோலாரோ வாங்கப் போகிற ஒவ்வொரு உழவரும் முதலில் இந்தப் படத்தைப் போட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இதற்கு சாங்கி படம் என்று பெயர். 1898-இல் சாங்கி என்ற பொறியாளர் ஒரு நீராவி எஞ்சினில் வெப்பம் எங்கெங்கே வீணாகிறது என்று காட்ட இப்படி ஒரு படம் போட்டார். அமெரிக்காவில் லூயிவில் நகரத்துக்குத் தண்ணீர் இறைத்த எஞ்சின் அது. ஆக, இந்தப் படம் பிறந்ததே ஒரு இறவைப் பொறிக்காகத்தான். ஒரு பக்கம் ஆற்றல் பட்டையாக உள்ளே வரும். போகிற வழியில் கிளை கிளையாகப் பிரியும். பட்டையின் அகலம்தான் அளவு. நீளத்துக்கும் வளைவுக்கும் நிறத்துக்கும் எந்தப் பொருளும் கிடையாது. பக்கத்தின் கடைசி வரை நீண்டு ஓடுகிற மெல்லிய பட்டை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். அதில் ஏமாறாமல் ஸ்கேலை வைத்து குறுக்கே அளக்க வேண்டும்.

நான் வங்கியில் இருந்தவன். எனக்கு இந்தப் படம் ஒரு பேரேடு மாதிரிதான். பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் உள்ளே வந்த அகலமும் வெளியே போன கிளைகளின் மொத்த அகலமும் சரியாக இருக்க வேண்டும். வரவும் பற்றும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு இழப்பை வரைய விட்டுவிட்டார்கள் என்று பொருள்.

இப்போது என் நிலத்துக்கு வருவோம். 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், இரண்டு தடவை காயில் கட்டியது. எலக்ட்ரீஷியன் தம்பி கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தார். மோட்டார் ஓடும்போது 4.2 கிலோவாட் இழுத்தது. குழாய் வாயில் 200 லிட்டர் டிரம் வைத்தோம், 33 வினாடியில் நிறைந்தது. அதாவது வினாடிக்கு 6 லிட்டர். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே போரில் தண்ணீர் மட்டம் பார்த்தால் 20 மீட்டர். போர் வாயில் பொருத்திய பிரஷர் கேஜ் 0.8 கிலோ காட்டியது. அது 8 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். ஆனால் போரிலிருந்து வாய்க்கால் தலைப்பு வரை நிலம் சமதளம். ஏறுவதற்கு மேடே இல்லாத இடத்தில் 8 மீட்டர் ஏற்றம் எங்கிருந்து வரும்? இடையில் கிடந்த 45 மீட்டர் நீள 2 அங்குலக் குழாயின் உராய்வுதான் அது.

ஒரு மணி நேர ஓட்டத்தைக் கணக்குக்கு எடுத்து, 100 வாட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கிராஃப் தாளில் போட்டேன். உள்ளே வந்தது 42 மி.மீ. தண்ணீருக்குப் போன ஆற்றலைக் கண்டுபிடிப்பது சுலபம். வினாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை ஏற்ற மீட்டரால் பெருக்கி, அதை 9.8-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 20 மீட்டர் ஏற்றத்துக்கு 6 லிட்டர் என்றால் சுமார் 1,180 வாட், 12 மி.மீ. குழாய் உராய்வின் 8 மீட்டருக்கு 470 வாட், 5 மி.மீ. மிச்சம் 25 மி.மீ. மோட்டாரிலும் பம்பிலும் சூடாகப் போனது. இரண்டும் போருக்குள்ளே சேர்ந்தே கிடப்பதால் எது எவ்வளவு தின்றது என்று மேலே நின்று பிரிக்க முடியாது. அதனால் ஒரே பட்டையாகப் போட்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் படம் பொய் சொல்லியிருக்கும். குழாய் வாயில் விழுந்த தண்ணீர் 120 மீட்டர் மண் வாய்க்காலில் ஓடித்தான் பாத்திக்குப் போகிறது. கடைமடையில் வரப்பை வெட்டி ஒரு துண்டுக் குழாய் வைத்து, பள்ளத்தில் இறக்கிய அதே டிரம்மில் பிடித்தோம். நிறைய 50 வினாடி ஆனது. வினாடிக்கு 4 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஆக 12 மி.மீ. பட்டையில் 4 மி.மீ. வாய்க்காலில் பிரிந்து, 8 மி.மீ. மட்டும் பயிரிடம் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் இடது பக்கம், மின்சாரம் வந்த வழியையும் நீட்டிப் பார்த்தேன். நெய்வேலி நமக்குப் பக்கத்து ஊர். அங்கே எடுக்கிற பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். எரிகிற கரியின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். பழைய வகை நிலையத்தில் கரியின் வெப்பத்தில் 30 சதவீதம் போல மின்சாரமாகும் என்று வைத்துக்கொண்டேன். அதில் பத்தில் ஒரு பங்கு நிலையத்தின் சொந்தச் செலவு. மிச்சத்தில் 15 சதவீதம் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் போகும். இந்த மூன்றும் என் அனுமானம், மீட்டரில் பார்த்தவை அல்ல. அதனால் படத்தில் அவற்றைப் புள்ளிக்கோட்டால் போட்டேன். அப்படிப் பார்த்தால் என் 42 மி.மீ.க்கு நிலையத்தில் 183 மி.மீ. வெப்பம் எரிய வேண்டும். அதில் 128 மி.மீ. புகைபோக்கியிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் போகிறது. ஏ4 தாளின் அகலமே 210 மி.மீ. தாளை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு உள்ளே வருகிற பட்டை, கடைசியில் சுண்டு விரல் அகலத்துக்கும் குறைவாகப் பயிரில் முடிகிறது.

இந்தப் படத்தைப் பார்க்கிற யாரும் "அந்த 128 மி.மீ.தான் பெரிய நஷ்டம், அங்கேதான் கை வைக்கணும்" என்பார்கள். இழப்பு அங்கேதான் அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இழப்பு அதிகமான இடமும் சேமிப்பு அதிகமான இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பட்டையைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதில் எவ்வளவைக் குறைக்க முடியும்? இது ஓட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறதா, முடிவில் இருக்கிறதா?

நிலையத்தின் 128-ஐ எடுத்துக்கொள்வோம். வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எஞ்சினும் ஒரு பெரும் பங்கை வெளியே விட்டே ஆக வேண்டும். அது இயற்கை விதி. பழைய நிலையத்தை இடித்துவிட்டு 40 சதவீதம் தருகிற புதிய நிலையம் கட்டினாலும் 183 என்பது 137 ஆகும். மிச்சம் 46 மி.மீ. என் மோட்டார், பம்பின் 25-ஐப் பார்ப்போம். நல்ல செட் வாங்கிப் போட்டு 50 சதவீதத் திறன் கிடைத்தால் 42 என்பது 33 ஆகும். மிச்சம் 9.

இப்போது அந்த ஒல்லியான 4 மி.மீ. வாய்க்கால் பட்டை. அதை அடைத்துவிட்டால் அதே பாத்திக்கு மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓட்டினால் போதும். ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அதற்கு இடப்பக்கம் உள்ள எல்லாப் பட்டையும் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். என் மோட்டாரில் 14 மி.மீ., நெய்வேலியில் 61 மி.மீ. மிச்சம். புது மோட்டார் தருவதை விட அதிகம். புது அனல் நிலையம் தருவதை விடவும் அதிகம். முடிவில் மிச்சமாகும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தொடக்கத்தில் 23 மில்லிமீட்டர் குறைகிறது. படத்தை வலமிருந்து இடமாகப் படித்தால்தான் இது தெரியும்.

அதன்படியே செய்தேன். போர் வாயிலிருந்து கடைமடை வரை 3 அங்குலக் குழாயை மண்ணுக்குள் புதைத்தேன். அதே தண்ணீர் போனால் 2 அங்குலத்தை விட 3 அங்குலத்தில் உராய்வு ஏழில் ஒரு பங்குதான். குழாயின் நீளம் 45-இலிருந்து 165 மீட்டர் ஆன பிறகும் கேஜ் 0.8-இலிருந்து 0.4-க்கு இறங்கியது. ஆறு மணி நேரம் பாய்ந்த துண்டு இப்போது நாலு மணி நேரத்துக்குள் முடிகிறது. மோட்டார் பழையதுதான். ஒன்று மட்டும் கவனம். குழாயை மாற்றினால் பம்பு தள்ளும் தண்ணீரும் இழுக்கும் கரண்ட்டும் மாறும். எனவே வேலை முடிந்ததும் மறுபடி அளந்து, படத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

பிறர் போட்ட படத்தைப் படிக்கும்போது முதலில் அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். பம்பு விற்பவர் தருகிற படம் குழாய் வாயோடு முடியும். அதில் என் 12 மி.மீ. முழுவதும் "பயன்" என்று எழுதியிருக்கும். வாய்க்கால் இழப்பு பயனுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அடுத்து, எது அளந்தது, எது அனுமானம் என்று கேளுங்கள். அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் அந்த நாட்டின் மொத்த ஆற்றலுக்கும் இப்படிப் படம் வெளியிடுகிறது. அதில்கூட வீடுகளின் பயன் 65 சதவீதம், போக்குவரத்தின் பயன் 21 சதவீதம் என்பதெல்லாம் மதிப்பீடுதான். அப்புறம், ஆற்றல் படத்தையும் தண்ணீர் படத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாய்க்காலில் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் திரும்ப நிலத்தடிக்கே போகலாம். தண்ணீர் கணக்கில் அது முழு நஷ்டமில்லை. அதை மேலே தூக்கிய ஆற்றல் மட்டும் திரும்ப வராது.

பக்கத்து நிலத்துக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "கரண்ட் சும்மாதான வருது சார், மிச்சம் புடிச்சி என்ன பண்ணப் போறோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரம் சும்மா வருவதில்லை, காயில் கட்டுகிற காசு சும்மா வருவதில்லை, போரில் இறங்குகிற ஒவ்வொரு அடியும் சும்மா வருவதில்லை. சோலாருக்குப் போனால் கணக்கு இன்னும் கண்கூடு. அவர் நிலமும் என் நிலம் மாதிரிதான். வாய்க்காலையும் குழாயையும் சரி செய்தால் கடைமடைக்கு வேண்டிய அந்த 4 லிட்டரை 3 எச்.பி. கொடுத்துவிடும். ஏழரை எச்.பி. போட்டால் ஒழுகுகிற வாய்க்காலுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குகிறோம். வெயில் இருக்கும் வரை ஓடும் என்பதால் போரும் வேகமாக இறங்கும்.

அதனால் என் கோரிக்கை இது. மானிய விண்ணப்பத்தில் எச்.பி. கேட்கிற கட்டத்துக்கு முன்னால் நாலு எண் கேட்க வேண்டும்: ஓடும்போது போரில் நீர்மட்டம், குழாய் வாயில் டிரம் நிறையும் வினாடி, கடைமடையில் நிறையும் வினாடி, மோட்டார் இழுக்கும் கிலோவாட். புதைகுழாய்க்கு முதல் மானியம், பம்புக்கு அடுத்தது என்று வரிசையும் மாற வேண்டும். நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. மிச்சமான இரண்டு மணி நேரத்தில் இன்னொரு காணிக்குப் பாய்ச்சினால் படத்தில் சேமித்ததெல்லாம் போரிலிருந்து மறுபடி வெளியே போய்விடும்.

பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் விண்ணப்பம் போடவில்லை. போன வாரம் வந்து டிரம்மை வாங்கிக்கொண்டு போனார்.