அரை மீட்டர் என்பது ஆழமன்று

மட்டாஞ்சேரியில் சிறுபடகு வைத்திருப்போரின் கைப்பேசிகளில் மாதந்தோறும் ஒரு நிழற்படம் சுற்றி வருகிறது. அச்சிட்ட ஓத அட்டவணையின் ஒரு பக்கத்தை யாரோ படம் பிடித்து அனுப்புகிறார்கள். நாள், நேரம், மீட்டரில் ஓர் உயரம் என்று மூன்று வகை எண்கள் அதில் உள்ளன. படித்த பிள்ளைகள் அதை வீட்டுப் பெரியவருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். வாசிப்பில் பிழையில்லை. பிழை பொருள்கொள்வதில் நேர்கிறது. அந்த அட்டவணை முழு வாக்கியமன்று, அரை வாக்கியம். மற்ற அரை வேறோரிடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் வாசித்துக் காட்டுவது, காட்டாமல் விடுவதைவிட அதிகத் தீங்கு தரக்கூடியது.

இந்த அட்டவணை யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இந்தியத் துறைமுகங்களுக்கான ஓதக் கணிப்பை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இதன் வரலாறு 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. இந்தியத் துறைமுகங்களின் ஓதங்களை முன்கூட்டிக் கணிப்பதற்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த பொறி ஒன்று 1879இல் இங்கிலாந்தில் உருவாயிற்று. அந்நாள் முதல் இந்நாள் வரை அட்டவணையின் வாசகர் கப்பலோட்டி. அவர் மேசையில் இந்த அட்டவணையோடு கடல் வரைபடமும் விரிந்திருக்கும். வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஆழம் குறித்திருக்கும். அவ்வாழம் ஓர் அடிமட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளந்தது. நீர் மிகவும் வற்றிய நாளிலும் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்காது என்று கொள்ளப்படும் மட்டமே அந்த அடிமட்டம். அட்டவணையின் உயரம் அதே மட்டத்திலிருந்து மேல்நோக்கி அளந்தது. இரண்டையும் கூட்டினால்தான் அந்நேரத்து ஆழம் கிடைக்கும். கப்பலோட்டி இதை எண்ணிப் பார்க்காமலே செய்கிறார். மட்டாஞ்சேரிக் கால்வாய் ஒன்றின் வாயில் வள்ளத்தைக் கட்டியிருப்பவரிடம் வரைபடம் கிடையாது. இருந்தாலும் அக்கால்வாய் வாய் அதில் இராது. அவர் கைக்குக் கூட்டலின் ஓர் எண் மட்டுமே வந்து சேர்கிறது. அதையே விடையென்று அவர் கொள்வதில் வியப்பில்லை.

இரண்டாம் இடர் மொழியினுடையது. கொச்சியில் புழங்கும் சொற்கள் வேலியேற்றம், வேலியிறக்கம் என்பன. இவ்விரண்டும் இயக்கத்தைக் குறிப்பவை. நீர் ஏறிக்கொண்டிருப்பது ஏற்றம், இறங்கிக்கொண்டிருப்பது இறக்கம். அட்டவணையோ இயக்கத்தைக் குறிப்பதில்லை. நீர் மேலே போய் நின்ற கணத்தையும் கீழே போய் நின்ற கணத்தையும் மட்டுமே குறிக்கிறது. 1315 என்ற எண்ணைக் காட்டி "ஒன்றேகால் மணிக்கு வேலியேற்றம்" என்று பிள்ளை சொன்னால், ஒன்றேகாலுக்கு நீர் ஏறத் தொடங்கும் என்று கேட்பவர் கொள்வார். உண்மையில் அக்கணத்தோடு ஏற்றம் முடிந்துவிடுகிறது. ஆறு மணி நேரத்தை நேர் தலைகீழாகப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் போதும். "ஒன்றேகாலுக்கு ஏறி முடிஞ்சிடும் மாமா, அதுக்கப்புறம் இறக்கம்தான்" என்று சொல்லியிருந்தால் இடரே இல்லை.

மூன்றாவது, கொச்சிக் கடலின் இயல்பு. இங்கே நாளொன்றுக்குப் பெரும்பாலும் இரு முறை நீர் உயர்ந்து இரு முறை தாழ்கிறது. ஆனால் இரண்டு தாழ்வுகளும் ஒத்தவையல்ல. ஒன்று பேருக்குத் தாழ்வு, மற்றொன்று மெய்யான வற்றம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. கொச்சியில் ஒரு நாளின் மொத்த வேறுபாடே ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும். வேறுபாடு சிறிது என்பதால் பிழை சிறிது என்றாகாது. கால்வாய் வாயின் சேற்றுத் திட்டில் கால் மீட்டர் நீரே போவதையும் நிற்பதையும் முடிவுசெய்கிறது.

ஒரு நாளை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கொச்சி ஓதத்தின் போக்குக்குப் பொருந்துபவை. படத்தில் அந்நாளுக்கு நான்கு வரிகள்: 0130 - 0.9, 0745 - 0.5, 1315 - 0.8, 2010 - 0.2. மறுநாளின் முதல் வரி 0215 - 0.9. வள்ளம் வெறுமையாக இருக்கையில் அதன் அடி நீருக்குள் அரை மீட்டர் அமிழும். சுமையேற்றினால் 0.7 மீட்டர். உரிமையாளர் காலை ஏழே முக்காலுக்குப் புறப்படுகிறார். அது தாழ்நீர் நேரமென்று படம் சொல்கிறது. ஆயினும் வெறும் வள்ளம் திட்டைத் தடையின்றிக் கடந்துவிடுகிறது. "தாழ்நீரிலேயே போக முடிகிறது" என்ற முடிவு அவர் மனத்தில் பதிகிறது. அடுத்த தாழ்நீர் இரவு எட்டு மணி கடந்து. எனவே மாலை ஆறு மணிக்குச் சுமையோடு திரும்பினாலும் இடரில்லை என்று நினைக்கிறார். ஆறு மணிக்குத் திட்டில் வள்ளம் தரைதட்டி நிற்கிறது.

பிழை எங்கே நேர்ந்தது? காலையில் அவர் கடந்த தாழ்வு 0.5. மாலையில் நீர் இறங்கிக்கொண்டிருப்பது 0.2 நோக்கி. இரண்டுக்கும் பெயர் தாழ்நீர்தான், அளவு வேறு. காலையில் திட்டைக் கடக்கும்போது, படகை ஊன்றித் தள்ளும் கழுக்கோலை அதன் மேட்டில் நிறுத்தி அளந்திருந்தால் 0.6 மீட்டர் நீர் இருந்திருக்கும் என்று கொள்வோம். அட்டவணை 0.5 என்கிறது, கோல் 0.6 என்கிறது. ஆகவே அத்திட்டில் அட்டவணை எண்ணோடு எப்போதும் 0.1 கூட்ட வேண்டும். வரைபடம் தராத மறுபாதி இதுதான். ஒரு காலைப் பொழுதில், ஒரு கோலால் அது கிடைத்துவிடுகிறது.

இனிக் கணக்கு எளிது. சுமையேற்றிய வள்ளத்துக்கு 0.7, அடியில் இடைவெளி 0.1, மொத்தம் 0.8 மீட்டர் நீர் வேண்டும். திட்டுக்குரிய 0.1ஐக் கழித்தால் அட்டவணை உயரம் 0.7 ஆக இருக்க வேண்டும். அவ்வுயரம் எப்போது வரும்? நீர் சீராக ஏறுவதுமில்லை, சீராக இறங்குவதுமில்லை. தொடக்கத்தில் மெதுவாக, நடுவில் விரைவாக, முடிவில் மீண்டும் மெதுவாக நகர்கிறது. இரு கணங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை ஆறு கூறாக்கினால், மொத்த ஏற்றத்தின் பன்னிரண்டு பங்கில் முதற்கூறில் 1, பின்னர் 2, 3, 3, 2, 1 என்று நீர் நகரும் என்பது மாலுமிகளின் பழைய கைக்கணக்கு. இதன்படி காலை 0.5இலிருந்து ஏறும் நீர் ஏறத்தாழ 11 மணிக்கு 0.7ஐத் தொடுகிறது. உச்சம் கண்டு இறங்கும்போது பிற்பகல் 3 மணியளவில் மீண்டும் 0.7க்கு வருகிறது. சுமையோடு திட்டைக் கடக்கும் வாயில் இந்த நான்கு மணி நேரமே. மாலை ஆறு மணிக்கு அட்டவணை உயரம் ஏறத்தாழ 0.34, திட்டின் மேல் நீர் 0.44. வெறும் வள்ளம்கூட அதில் மிதக்காது. நீர் மறுபடி 0.7ஐ எட்டுவது நள்ளிரவை ஒட்டி. மூன்று மணிக்குத் திரும்பியிருக்க வேண்டியவர் ஆறு மணி நேரம் சேற்றில் காத்திருக்கிறார். சுமை மீனாக இருந்தால் அன்றைய விலையும் போயிற்று.

நிழற்படம் என்பதால் வரும் இடர்களும் உண்டு. அச்சிட்ட பக்கத்தில் மாதத்தின் பெயரும் துறைமுகத்தின் பெயரும் தலைப்பில் இருக்கும். எண்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று படத்தை வெட்டுகையில் முதலில் போவது தலைப்பே. அதன்பின் அது எம்மாதத்துப் பக்கம், எந்தத் துறைமுகத்தினுடையது என்று அறிய வழியில்லை. நாளின் எண் நான்கு வரிக்கு ஒருமுறைதான் அச்சாகியிருக்கும். ஒரு வரி தவறினால் நேற்றைய நீரை இன்றைக்கு வாசிக்க நேரும். நேரம் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிக்கொண்டே போவதால் பழைய படம் சில நாளிலேயே முற்றிலும் பொய்யாகிவிடும். இணையத்தில் எடுத்த அட்டவணையாயின் நேரம் கிரீன்விச்சுக்கு உரியதா என்றும் பார்க்க வேண்டும். ஐந்தரை மணி நேரப் பிழை என்பது ஏற்றத்தை இறக்கமாக்கிவிடும். இதற்கு எளிய சோதனை உண்டு. கரையில் நின்று, படம் சொல்லும் தாழ்நீர் நேரத்தையொட்டி நீர்க்கோட்டைக் கவனித்தால் போதும். அந்நேரத்தில் நீர் இன்னும் விரைந்து இறங்கிக்கொண்டிருந்தால் அந்தப் படம் அந்நாளுக்கோ அவ்விடத்துக்கோ உரியதன்று.

சரியான பக்கத்தைச் சரியாக வாசித்தாலும் எல்லை உண்டு. அட்டவணை நிலவும் ஞாயிறும் இழுக்கும் நீரைக் கணிக்கிறது. காற்றையும் மழையையும் கணிப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் பெரியாறும் பிற ஆறுகளும் காயலுக்குள் கொட்டும்போது, நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் பொழுதிலும் ஓட்டம் கடலை நோக்கியே இருக்கக்கூடும். மட்டம் உச்சத்தில் நின்றவுடன் ஓட்டமும் நின்று திரும்பும் என்று எண்ணித் துடுப்பை நம்பிப் புறப்படுவது தவறு. கொச்சித் துறைமுகத்துக்கான நேரம் மட்டாஞ்சேரிக்கு ஏறக்குறையப் பொருந்தும். தெற்கே அரூர், தண்ணீர்முக்கம் என்று காயலுக்குள் செல்லச் செல்ல நீர் பிந்தி வரும், ஏற்றமும் குறையும். திட்டும் நிலையானதன்று. மழைக்காலம் கொண்டுவரும் வண்டல் அந்த 0.1ஐ மாற்றிவிடும். ஆகவே கழுக்கோல் அளவை ஒருமுறை எடுத்து நிறுத்தாமல், அமைதியான சில நாள்களில் எடுத்து ஒப்பிடவும், மழை முடிந்ததும் புதிதாக எடுக்கவும் வேண்டும்.

அட்டவணையைத் தமிழிலோ மலையாளத்திலோ பெயர்த்து அச்சிட்டால் போதும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அது பாதித் தீர்வுதான். உயரம் என்ற சொல்லை எம்மொழியில் எழுதினாலும் எங்கிருந்து உயரம் என்ற கேள்வி அப்படியே நிற்கும். வேண்டுவது பெயர்ப்பன்று, கூட்டல். படத்தை அனுப்புபவர் அதன் தலைப்பை வெட்டாமல் அனுப்பட்டும். வாசித்துக் காட்டுபவர் 'ஏற்றம்' என்னாமல் 'ஏறி முடியும் நேரம்' என்று சொல்லட்டும். வள்ளத்தின் உரிமையாளர் தம் திட்டுக்குரிய எண்ணைக் கோலால் அளந்து படகின் பலகையில் எழுதிவைக்கட்டும். அதன்பின் 0.5 என்று படித்த கணமே 0.6 என்று அவர் வாய் சொல்லும்.