'நலம்' என்பது அறிக்கை அன்று

'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு 'நன்றாக இருக்கிறேன்' என்று விடை சொல்வதை நம் காலத்துப் போலித்தனத்தின் சான்றாகக் காட்டும் பதிவுகள் பெருகிவிட்டன. மனம் உடைந்தவரும் 'நலம்' என்கிறாராம். ஆகவே நாம் அனைவரும் பொய்யர்களாம். இனிமேல் உண்மையைச் சொல்லப் பழக வேண்டுமாம். இந்த அறிவுரை மொழியையும் புரிந்துகொள்ளவில்லை, துன்பத்தையும் புரிந்துகொள்ளவில்லை.

நம் பழைய கடிதங்களைப் பாருங்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும். அடுத்த பத்தியிலேயே தந்தையின் காய்ச்சலும் தீராத கடனும் வரும். படித்தவர் எவரும் முதல் வரியைப் பொய் என்று கொள்ளவில்லை. அந்த 'நலம்' கடிதத்தின் வாசற்படி. செய்தி அதற்குப் பின்னர்தான். ஹைதராபாத்தில் 'பாகுன்னாரா?' என்பார்கள்; தமிழில் 'சௌக்கியமா?' என்போம். இரண்டுமே 'ஆம்' என்ற விடையைத் தம்முள் வைத்துக்கொண்டே கேட்கும் கேள்விகள். மாலினோவ்ஸ்கி 1923இல் வெளியான கட்டுரையில் இத்தகைய பேச்சுக்குத் தனிப் பெயரே இட்டார். கருத்தைத் தெரிவிப்பதன்று இதன் வேலை. பேசுபவர்களுக்கு இடையே உறவைக் கட்டுவதே என்றார்.

ஆனால் 'சடங்கு' என்று பெயரிட்டுவிட்டால் போதாது. அது ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை விளக்கியவர் ஹார்வி சாக்ஸ். 1975இல் அச்சான அவருடைய கட்டுரையின் தலைப்பே 'எல்லோரும் பொய் சொல்லியாக வேண்டும்' என்னும் பொருளுடையது. அவர் வாதத்தை நம் வளாகத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். நூலகப் படியில் எதிர்ப்படும் பேராசிரியர், 'எப்படி இருக்கிறாய்?' என்கிறார். மாணவர் 'நன்றாக இருக்கிறேன், ஐயா' என்றால் பேச்சு அங்கே முடியலாம். இருவரும் தம் வழியே போகலாம். 'நன்றாக இல்லை' என்றாலோ, பேராசிரியர் 'ஏன், என்ன ஆயிற்று?' என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் அவர் கல்நெஞ்சர். கேட்டுவிட்டால் மாணவர் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். காரணம் ஆறு மாதமாக வராத உதவித்தொகையாக இருக்கலாம். அந்தப் பேராசிரியராகவே இருக்கலாம். ஆகவே மாணவர் விடை சொல்லுமுன் தன் உடல்நிலையை ஆராய்வதில்லை. 'இந்தச் செய்தியைப் பெறத் தகுந்தவர் இவர்தானா, இது அதற்கான இடமா?' என்பதைத்தான் ஆராய்கிறார். இல்லையெனில் 'நலம்' என்கிறார். அந்தச் சொல் அவர் உடலைப் பற்றியதன்று. எதிரில் நிற்பவருக்கும் அவருக்கும் உள்ள தொலைவைப் பற்றியது. அந்தத் தொலைவை அது துல்லியமாகவே தெரிவிக்கிறது.

மேலும், துன்பப்படுபவர்கள் நாம் எண்ணுவதுபோல் முற்றிலும் மறைத்துவிடுவதும் இல்லை. 'ஏதோ இருக்கிறேன்', 'ஓடுகிறது' என்பார்கள். இந்திக்காரர் 'பஸ், சல் ரஹா ஹை' என்பார். கெய்ல் ஜெஃபர்சன் 1980இல் ஆங்கில உரையாடல்களில் இத்தகைய அரைகுறை விடைகளை ஆராய்ந்தார். அவை துன்பத்தை அறிவிப்பதில்லை. ஆனால் கதவைச் சற்றே திறந்துவைக்கின்றன. கேட்டவர் விரும்பினால் நுழையலாம். இல்லையெனில் கடந்து போகலாம், எவருக்கும் அவமானம் இல்லை. இவ்வளவு நயமான ஏற்பாட்டைத்தான் 'உண்மை பேசுங்கள்' கூட்டத்தார் உடைக்கச் சொல்கிறார்கள். உடைத்தால் சுமை யார் தலையில் விழும்? விடை சொல்பவர் தலையில். அவரே பலவேளைகளில் அதிகாரம் குறைந்தவர்.

கண்டனத்துக்கு உரியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். சடங்குக் கேள்வியைக் கேட்டுவிட்டு, சடங்கு விடையை அறிக்கையாகப் பதிவுசெய்பவர்கள் அவர்கள். மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடி 'எப்படி இருக்கிறீர்கள்?' என்கிறார், முதியவர் மரியாதைக்காக 'நல்லா இருக்கேன் டாக்டர்' என்கிறார், குறிப்பேட்டில் 'தொந்தரவு இல்லை' என்று ஏறிவிடுகிறது. நெஞ்சுப் பாரத்தை அவர் எழுந்து வாசலை அடைந்தபின் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டது வணக்கமா விசாரணையா என்பது அவருக்கு விளங்கவில்லை. ஒரு மாணவர் உடைந்துபோன பிறகு 'கேட்டோமே, நன்றாக இருக்கிறேன் என்றானே' என்று கைவிரிக்கும் கல்வி நிறுவனங்களும் இதே கணக்குத்தான்.

அறிய வேண்டுமானால் அறிவதற்கான கேள்வியைக் கேளுங்கள். 'இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறீர்கள்?' 'படியேறும்போது மூச்சு வாங்குகிறதா?' 'இந்த மாத உதவித்தொகை வந்ததா?' இவற்றுக்கு 'நலம்' விடையாகாது. அமர்ந்து கேளுங்கள், 'ஏதோ இருக்கிறேன்' என்ற விடை வந்தால் 'ஏதோ என்றால்?' என்று இரண்டாம் முறையும் கேளுங்கள். அதற்கு நேரமில்லாதவர் 'நலமா?' என்று கேட்பதில் தவறில்லை. 'நலம்' என்ற விடையைச் சாட்சியமாக நீட்டுவதே தவறு.