தபால்காரர் சொல்லிவிட்டுப் போனது

எங்கள் மயிலாப்பூர்த் தெருவுக்கு 31 வருஷமாகத் தபால் கொண்டுவந்தவர் சென்ற வாரம் ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று வீட்டுக்கு வீடு நின்று விடைபெற்றார். காப்பியை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அம்மா, நாளை முதல் வருகிறவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்குக் கதவு எண்தான் தெரியும், மனிதர்களைத் தெரியாது. உங்கள் வீடு பழைய எண் 14, புதிய எண் 27. பழைய 27 என்று வேறொரு வீடும் இருக்கிறது. வெறும் 27 என்று வந்தால் பேரைப் பார்த்துத்தான் பிரித்தேன். இனி இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

"வாசல் பலகையில் ஐயா பேர் மட்டும் இருக்கிறதே! 2009-ல் சின்னம்மாவுக்கு ரிஜிஸ்தர் தபாலில் வேலை உத்தரவு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில் கல்யாணத்துக்கு முந்திய இனிஷியல். 'கேர் ஆஃப்' கிடையாது. அவர் அப்பா போட்ட கார்டுகளைக் கொண்டுவந்தவன் நான். அதனால் ஆள் தெரிந்தது, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். புதியவராக இருந்தால், 'இந்தப் பேரில் ஆள் இல்லை' என்று எழுதி, அனுப்பினவருக்கே திருப்பியிருப்பார். அது அவர் குற்றமும் இல்லை."

எனக்கு ஒரு கணம் பகீரென்றது. அந்தச் சம்பளத்தில்தானே பேரன் படிக்கிறான்!

சாயங்காலம் என் கணவர் பெயிண்ட் டப்பாவோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் பேரை அவள் அப்பா இனிஷியலோடு எழுதி முடித்ததும் என்னைப் பார்த்து, "உன் பேரையும் போட்டுவிடட்டுமா?" என்றார்.

நான் இந்த வீட்டுக்கு வந்து 42 வருஷம் ஆகிறது.