எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டால் போதுமா?

“என் நிலத்தில் நான் போர் போடுகிறேன்; உனக்கென்ன?” கோவை மாவட்டத்தின் மேட்டுக் காடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டு வாயடைத்து நிற்கும் சிறு விவசாயிகள் பலர். சட்டமும் கேட்டவர் பக்கமே நிற்கிறது. வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரை நிலத்துக்குரியவர் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று 1882-ம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் கூறுகிறது. ஆனால் தண்ணீருக்குப் பட்டா தெரியுமா? வேலி தெரியுமா?

மோட்டார் ஓடும்போது பூமிக்குள் நடப்பது இதுதான். குழாயைச் சுற்றி நீர்மட்டம் புனலைப் போலப் பள்ளம் விழுகிறது. குழாய்க்கு அருகில் அந்தப் பள்ளம் செங்குத்தாக இருக்கும்; தள்ளிப் போகப் போகச் சரிவு குறையும்; ஆனால் வெகு தூரம் வரை நீளும். அதன் ஓரம் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. மழைநீரோ வாய்க்கால் கசிவோ வந்து ஈடுகட்டாத வரை, மோட்டார் ஓடும் நாளெல்லாம் அது விரிந்துகொண்டே போகும். இந்தக் கணக்கை அமெரிக்க நிலநூல் துறையைச் சேர்ந்த தைஸ் என்பவர் 1935-ல் வகுத்துக் கொடுத்தார்.

அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமாராக நீர் கடத்தும் வெடிப்புப் பாறை. புதிய போர் ஒன்று நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் இறைக்கிறது. பத்து நாளில் அந்தப் போருக்குள்ளேயே மட்டம் சுமார் 44 அடி இறங்கும். 100 மீட்டர் தள்ளியுள்ள பக்கத்துக் காட்டுப் போரில் 8 அடி. 200 மீட்டரில் 5 அடி. 400 மீட்டரில் 2 அடி. “200 மீட்டர் விட்டாயிற்றே, பின் என்ன புகார்?” என்பார்கள். அதே இறைப்பு நூறு நாள் நீடிக்கட்டும். அந்த 200 மீட்டரில் இறக்கம் 10 அடிக்கு மேல் போய்விடும். அதாவது, நூறு மீட்டரில் பத்து நாளில் கண்டதைவிட அதிகம்! எத்தனை நாள், எவ்வளவு இறைப்பு என்று சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

இரண்டு போர்களும் சேர்ந்து ஓடினால் இறக்கங்கள் ஒன்றோடொன்று கூடும். நூறு மீட்டர் இடைவெளியில் இருவரும் ஒரே அளவு இறைத்தால், பத்தாம் நாள் ஒவ்வொருவர் போரிலும் 44-உம் 8-உம் சேர்ந்து 52 அடி. ஆழத்தில் மோட்டாரை இறக்கியவருக்கு இது மின்சாரச் செலவு, அவ்வளவுதான். மோட்டாருக்கு மேல் ஆறடித் தண்ணீரே மிச்சமிருந்த ஏழைக்கு அது காற்றை இழுக்கும் மோட்டார், கருகும் வாழை, இன்னும் ஆழமாகத் துளைக்கக் கடன்.

பாறை நாட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 20 மீட்டரில் உள்ள இரண்டு போர்கள் வெவ்வேறு வெடிப்புகளில் நீர் எடுத்தால் ஒன்றையொன்று தொடாமலே இருக்கலாம். ஒரே வெடிப்பில் அமைந்த இரண்டு 300 மீட்டர் தள்ளியிருந்தும் மல்லுக்கு நிற்கலாம். ஆகவே வரைபடத்தில் அளவுகோல் வைத்து நியாயம் தீர்க்க முடியாது.

அளந்து பார்க்கலாம். இரவு முழுவதும் இரண்டு மோட்டாரையும் நிறுத்துங்கள். விடியுமுன் உங்கள் போரில் மட்டத்தை அரைமணி இடைவெளியில் இரண்டு மூன்று முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து மோட்டார் மட்டும் ஓடட்டும். முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கொரு முறை, அப்புறம் அரைமணிக்கொரு முறை அளவு எடுங்கள். மாலையில் நிறுத்தியபின்னும் விடாமல் அளங்கள். அது ஓடியபோது இறங்கி, நின்றபின் ஏறினால் தொடர்பு இருக்கிறது. ஓடினாலும் நின்றாலும் ஒரே சீராக இறங்கினால் குற்றம் பக்கத்துக் காட்டில் இல்லை, கோடை வற்றல்தான். நம் ஆட்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு நாள் சோதனையில் இறக்கம் சொற்பம் என்று யாரும் கைகழுவ விடக்கூடாது. மேலே சொன்ன கணக்கில் நூறு மீட்டரில் முதல் நாள் இறக்கம் 3 அடிக்கும் குறைவு. நூறாம் நாளில் அதுவே 14 அடி.

மகாராஷ்டிரத்தில் 1993-லேயே பொதுக் குடிநீர்க் கிணற்றுக்கு 500 மீட்டருக்குள் புதுக் கிணறு கூடாதென்று சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. மறுபடி ஒரு சட்டம் எழுதப்படுமானால், அதில் வெறும் மீட்டர் கணக்கை நிரப்பிவிட்டுப் போவதை நாம் ஏற்க முடியாது. பெரிய மோட்டார் கேட்பவர் சுற்றுவட்டக் கிணற்றுக்காரர்கள் முன்னிலையில் இறைப்புச் சோதனை நடத்தட்டும். அவர்கள் கிணறுகளில் எடுத்த அளவுகள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடலாம் என்பது அந்த அளவுகளைப் பார்த்து முடிவாகட்டும்.