வழியனுப்பும் இடத்தில் வகுப்பு எடுக்காதீர்கள்



சென்ற வாரம் அவிநாசி பக்கம் ஒரு தலைமையாசிரியையின் பணி நிறைவு விழாவுக்குப் போயிருந்தேன். விழாக் குழுவில் பாதிப்பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். அதில் ஒரு பையன் (பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயது இருக்கும்) பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏனுங் டீச்சர், அடுத்த விழாவுல இருந்து குறள், பழமொழி எதுவும் வேண்டாம்னு சொல்லிப்போடலாம்னு இருக்கறமுங்க. யாராவது ஆரம்பிச்சாலே சனம் போனை எடுத்துருது" என்றான்.

போனை எடுத்ததை நானும் பார்த்தேன். ஆனால் குற்றவாளி குறள்தான் என்று அவன் எழுதிய தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பந்தியில் பேச நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். குற்றவாளிகள் நாங்கள், ஆசிரியர்கள்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் குறளை முதலில் எங்கே கேட்டீர்கள்? காலை வழிபாட்டுக் கூட்டத்தில், வெயிலில் வரிசையாக நின்றுகொண்டு. அப்புறம் தேர்வில், "அடிபிறழாமல் எழுதுக" என்ற கேள்வியில். அதற்கப்புறம் அரசுப் பேருந்தில், படியில் பயணம் செய்யாதீர் என்ற எச்சரிக்கைக்குப் பக்கத்தில். குறள் காதில் விழுந்தால் அடுத்து அறிவுரை வரும் என்று உங்கள் காதைப் பழக்கிவிட்டவர்கள் நாங்கள்தான். அந்தப் பழக்கத்தை விழா மேடைக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

அன்று பேசியவர்களில் மூன்று பேர் ஒரே குறளைச் சொன்னார்கள். கல்வி அதிகாரத்தின் முதல் குறள், 391. பிழையறக் கற்கச் சொல்லி, கற்றபடி நடக்கவும் சொல்கிற குறள். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவருக்கு, அவர் வீட்டுக்குப் போகிற நாளில், கல்வியைப் பற்றி அறிவுரை! அந்த அம்மா பாவம், மூன்று தடவையும் தலையாட்டினார்.

இங்கே ஒரு சின்ன இலக்கணம் இருக்கிறது. வியங்கோள் வினைமுற்று நான்கு பொருளில் வரும் என்று படித்திருப்பீர்கள்: வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல். வழியனுப்பும் இடத்தில் வாழ்த்தலுக்கு இடம் உண்டு, வேண்டலுக்கும் உண்டு. விதித்தலுக்கு இடம் இல்லை. 391 முழுக்க விதித்தல், அதில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. போகிறவரைப் பார்த்து அதைச் சொன்னால் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் பிரம்பு தெரியும்.

அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளி, 394-ஐப் பாருங்கள். அதில் கட்டளையே கிடையாது. படித்தவர்கள் கூடினால் மனம் மகிழக் கூடுவார்கள், பிரிந்தால் இனி எப்போது பார்ப்போம் என்று நினைக்கும்படி பிரிவார்கள், அதுதான் அவர்கள் தொழில் என்கிறார் வள்ளுவர். யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஒரு ஆசிரியரின் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? ஆனால் அன்று மேடையில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. எல்லோர் கையும் அதிகாரத்தின் முதல் குறளோடு நின்றுவிட்டது.

ஆக, என் முதல் விதி இது. வரியில் வினைச்சொல்லைத் தேடுங்கள். அது எதிரே நிற்பவரை ஏவினால் அந்த வரியை வைத்துவிட்டு வேறு வரி எடுங்கள்.

இரண்டாவது, அந்த வரி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று முழங்கினார். அவர் நினைத்தது முதல் பாதியை. அந்த அம்மாவின் மகளுக்குக் கேட்டது இரண்டாம் பாதி. அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பழமொழியைத் தனக்குள் ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

அதே மேடையில் பழமொழி சொல்லி ஜெயித்தவரும் இருந்தார். அந்தப் பள்ளியின் உதவி ஆசிரியர், இளவயதுக்காரர். காகிதம் இல்லாமல் வந்தார். தலைமையாசிரியை முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மூன்று வாரம் விடுப்பில் போனபோது, சத்துணவு முட்டைக் கணக்கு தன் தலையில் விழுந்ததைச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் ஒரு எண், முட்டைக் கணக்கில் ஒரு எண், கடைசி நாள் வரை இரண்டும் ஒத்துப்போகவில்லையாம். இத்தனை வருடமும் அந்த அம்மா அதைத் தினமும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வகுப்புக்கு வந்துவிடுவாராம். பிறகு சொன்னார்: "நிழலோட அருமை வெயில்ல தெரியும்னு சொல்லுவாங்க. எனக்கு அந்த மூணு வாரம் வெயிலுங்க. அடுத்த மாசத்துல இருந்து தெனமும் வெயிலுதானுங்க." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் ஒரு போன்கூட வெளிச்சம் போடவில்லை.

அவர் என்ன செய்தார்? சம்பவத்தை முதலில் சொன்னார், பழமொழியைப் பின்னால் வைத்தார். அதை அந்த அம்மா மேல் போடாமல் தன்மேல் போட்டுக்கொண்டார். சொன்ன பிறகு அதற்குப் பொழிப்புரை கொடுக்கவில்லை. முட்டைக் கணக்கு இல்லாமல் அதே பழமொழியை முதலில் சொல்லியிருந்தால், அதுவும் காலண்டர் தாள் மாதிரிக் கிழிந்து போயிருக்கும்.

இந்தத் தவறு மேடையோடு நிற்பதில்லை. நம் சொந்தத்தில் ஒரு பெண் கனடாவுக்குப் படிக்கப் போனாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது பேர் புறநானூற்றுப் பாட்டின் ஒரே வரியை அனுப்பினார்கள். கணியன் பூங்குன்றனாரின் 192-ஆம் பாட்டு, எல்லா ஊரும் நம் ஊர் என்கிற அந்த முதல் வரிதான். உறவுகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஒன்பதில் நானும் ஒருத்தி. அன்று ராத்திரி பாட்டை முழுசாக எடுத்துப் படித்தேன். வாழ்க்கை பெரிய ஆற்றில் போகும் தெப்பம் போலத்தான் என்று சொல்லி, கடைசியில் முடிக்கிறார்: அதனால் நாம் பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று. "நீ இப்படி இரு" என்று சொல்லவில்லை, "நாம் இப்படி" என்கிறார். தெரியாத ஊரில் இருபத்திரண்டு வயதில் தனியாக இறங்குகிறவளுக்கு உதவுவது இந்த முடிவுதான். நாங்கள் ஒன்பது பேரும் பேனரில் அச்சடிக்கிற வரியை அனுப்பிவிட்டு, அவளுக்குத் தேவையான வரியை விட்டுவிட்டோம்.

அவள் கிளம்புகிற அன்று அவளுடைய ஆத்தா எந்தப் பாட்டும் சொல்லவில்லை. அவள் தெரியாமல் "போறேனுங்க ஆத்தா" என்றதும், "போறேன்னு சொல்லாத சாமி, போயிட்டு வாறேன்னு சொல்லு" என்று திருத்தினார். அதுவும் கட்டளைதானே என்று கேட்பீர்கள். வடிவத்தில் கட்டளை, பொருளில் வேண்டல். திரும்பி வா என்பதை அவர் வேறு எப்படிக் கேட்பார்?

ஆகவே, பந்தியில் என்னிடம் கேட்ட தம்பி, குறளைத் தடை செய்ய வேண்டாம். அடுத்த விழாவுக்குப் பேச வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு: போகிறவரோடு தனக்கு நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டுவரட்டும், சம்பவம் இல்லாதவர்கள் மாலை மட்டும் போட்டுவிட்டு இறங்கட்டும். குறள் சொல்கிறவர் தாராளமாகச் சொல்லலாம், சம்பவத்துக்குப் பிறகு. எனக்கும் அதே சட்டம்தான். நான் மீறினால் மைக்கை அணைத்துவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போயிட்டு வாறனுங்க.