ஜகாத்துக்கு வரி விதிப்பது யார்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒவ்வோர் ஆண்டும் மதரஸா, பைத்துல்மால், அனாதை நிலையம் ஆகியவற்றின் பொதுக்குழுக் கூட்டங்களில் ஒரு புலம்பலைக் கேட்டு வருகிறோம். "ஏழைகளுக்காக வசூலித்த ஜகாத்திலும் அரசாங்கம் கை வைத்துவிட்டது" என்று நிர்வாகிகள் சொல்கிறார்கள். கூட்டத்தினரும் அதைக் கேட்டு வருந்திவிட்டுக் கலைந்து செல்கிறார்கள். அந்த வரி எதனால் வந்தது என்று கேட்பவர் எவருமில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரும்பாலான இடங்களில் அந்த வரியை வருவித்தது ஏழைக்குப் போய்ச் சேராமல் கிடந்த பணமும், அதைக் கிடக்க விட்ட நிர்வாகமுமே என்பது நமது உறுதியான கருத்து.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, முறையாகப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது நிபந்தனையற்ற விலக்கு அன்று. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் வந்த வருமானத்தில் 85 விழுக்காட்டை அதே ஆண்டிற்குள் அறக்கட்டளையின் நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும். மீதி 15 விழுக்காட்டை எந்த நிபந்தனையுமின்றிச் சேமித்து வைக்கலாம். கடை வாடகையும், நன்கொடையும், ஸதகாவும், ஜகாத்தும் இந்தக் கணக்கில் ஒன்றே, யாவும் வருமானம்தான். 85 விழுக்காட்டை எட்டாமல் விட்ட தொகைக்குத்தான் வரி. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பிரிவு எண்கள் மாறினாலும், இந்த 85 விழுக்காட்டு அளவு அப்படியே நிற்கிறது.

ஆக, சட்டம் வரி கேட்பது கொடுத்த பணத்துக்கு அன்று. கொடுக்காமல் வைத்திருந்த பணத்துக்கே. ஜகாத்தைத் தாமதிக்காமல் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று மிம்பரில் நின்று போதிக்கும் நாம், இந்த நிபந்தனையை அநீதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஒரு மதரஸா அறக்கட்டளைக்குக் கடை வாடகையும் பொது நன்கொடையுமாக 12 இலட்சம் ரூபாய் வந்தது. ஜகாத்தாக 8 இலட்சம் வந்தது. மொத்தம் 20 இலட்சம். உஸ்தாதுமார்களின் சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு எனப் பொதுப் பணத்திலிருந்து 7 இலட்சம் செலவாயிற்று. ஜகாத்தில் 4 இலட்சம் பெருநாளுக்கு முன் ஏழைகளிடம் சேர்ந்தது. ஆக, செலவு 11 இலட்சம். 20 இலட்சத்தில் 85 விழுக்காடு 17 இலட்சம். குறைவது 6 இலட்சம்.

இந்த 6 இலட்சத்துக்குத் தனிமனிதருக்குரிய படிநிலை வரிதான் வரும், சிறிது கட்டினால் போதும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த 115பிபிஐ பிரிவின்படி, அனுமதியின்றி 15 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் தொகைக்கு நேரடியாக 30 விழுக்காடு வரி. அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது. 6 இலட்சத்துக்கு வரி 1,80,000 ரூபாய். அதன்மேல் 4 விழுக்காடு செஸ் 7,200 ரூபாய். ஆக மொத்தம் 1,87,200 ரூபாய்.

இதை எந்தப் பணத்திலிருந்து கட்டுவது? சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை வரையறுத்துவிட்டது. நிர்வாகியின் கவனக்குறைவால் வந்த வரி அந்த எட்டில் எதிலும் அடங்காது. ஆகவே அது பொது நன்கொடையிலிருந்து, அதாவது உஸ்தாதின் சம்பளத்திலிருந்தும் மாணவனின் சோற்றிலிருந்தும்தான் போகிறது.

நிர்வாகிகள் தரப்பில் நியாயமான ஒரு மறுமொழி உண்டு; அதை மறைக்க மாட்டோம். 2025ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் ரமலான் மார்ச் 2ஆம் நாள் தொடங்கி, மார்ச் 31 அன்று பெருநாள் வந்தது. ஆண்டின் மிகப் பெரிய வசூல் கணக்காண்டின் கடைசி மாதத்தில் வந்து விழுகிறது. "மார்ச் இறுதி வாரத்தில் வந்த பணத்தை மார்ச் 31க்குள் எப்படிப் பகிர்வது?" என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. ஆனால் சட்டத்தில் அதற்கு விடை இருக்கிறது. அதைத் தேடாததே குற்றம்.

முதல் வழி படிவம் 9ஏ. அந்த ஆண்டில் செலவிட இயலாத தொகையை அடுத்த ஆண்டுக்குள் செலவிடுகிறோம் என்று எழுதித் தந்தால், அது வந்த ஆண்டிலேயே செலவானதாகக் கருதப்படும். மேற்சொன்ன கணக்கில் மீதி ஜகாத் 4 இலட்சத்துக்கு இதுவே வழி. 2026 மார்ச் 31க்குள் அது ஏழைகளிடம் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் அப்போது அதே 30 விழுக்காடு வரும். இவ்வாறு அடுத்த ஆண்டில் கொடுப்பதை அந்த அடுத்த ஆண்டின் 85 விழுக்காட்டில் மறுபடி சேர்த்து எண்ண முடியாது. ஒரு செலவு ஒரு முறைதான் கணக்காகும்.

இரண்டாவது வழி படிவம் 10. குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக ஐந்தாண்டு வரை பணத்தைச் சேர்த்து வைக்கும் வழி இது. நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, நோக்கத்தைத் தெளிவாக எழுத வேண்டும். "கல்விப் பணிக்காக" என்று பொதுவாக எழுதினால் போதாது. "இரண்டு வகுப்பறைகள் கட்டுவதற்காக" என்று இருக்க வேண்டும். பணத்தை வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்று சட்டம் அனுமதித்த இடங்களில்தான் வைக்க வேண்டும். அதை வேறோர் அறக்கட்டளைக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. நம் கணக்கில் மீதி 2 இலட்சம் வகுப்பறைக்கானது எனில் இவ்வழியே பொருந்தும்.

இரு படிவங்களையும் வருமானக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே, அதாவது வழக்கமாக ஆகஸ்ட் 31க்குள், இணையவழி தர வேண்டும் என்கிறது சட்டம். தாக்கலின் கடைசி நாள்வரை தந்தாலும் ஏற்கலாம் என மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023இல் சுற்றறிக்கை வெளியிட்டது. அந்தச் சலுகையை நம்பிக் காத்திருப்பது நல்ல நிர்வாகம் ஆகாது.

இரண்டு படிவங்கள், வரி ஒரு ரூபாய்கூட இல்லை. இவற்றைத் தராமல் 1,87,200 ரூபாயை இழந்துவிட்டு அரசைப் பழிப்பது என்ன நியாயம்?

இங்கே மார்க்கம் சட்டத்தைவிடக் கண்டிப்பானது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டத்துக்கு எல்லாப் பணமும் ஒன்று. நமக்கு அப்படியல்ல. ஜகாத் ஏழையின் உடைமையாக அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே பெரும்பான்மை இமாம்களின் நிலை. கட்டடச் சுவருக்குள் அதைப் புதைக்க முடியாது. ஆகவே படிவம் 10 தரும் ஐந்தாண்டு அவகாசம் ஜகாத்துக்கு உரியதன்று. நிபந்தனையற்ற 15 விழுக்காட்டுச் சேமிப்பும் பொதுப் பணத்திலிருந்தே எடுக்கத் தக்கது. நம் கணக்கில் பொதுப் பணத்தின் மீதி 5 இலட்சம். அதில் 3 இலட்சம் அந்தச் சேமிப்பு, 2 இலட்சம் வகுப்பறை. ஜகாத்தின் 4 இலட்சம் தனியே நிற்கிறது. ஜகாத்துக்குத் தனிக் கணக்கேடும் தனி வங்கிக் கணக்கும் இருந்தால்தான் இப்படிப் பிரித்துச் சொல்ல முடியும்.

இந்த நேர்வழி இருக்க, சிலர் குறுக்குவழிகளைத் தேடுகிறார்கள். மார்ச் 31 அன்று கொடுக்காத சம்பளத்துக்கும் வாங்காத பொருளுக்கும் செலவுச்சீட்டு எழுதுகிறார்கள். உண்மையில் கொடுத்து முடித்த தொகையே செலவாகும் என்று சட்டம் இன்று தெளிவாகச் சொல்கிறது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததும் கணக்கில் ஏறாது. வேறு சிலர் தங்களுக்கு வேண்டிய மற்றோர் அறக்கட்டளைக்குப் பணத்தை மாற்றிவிட்டு முழுவதும் செலவு என்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதில் 85 விழுக்காடே செலவாக ஏற்கப்படும். இன்னும் சிலர் ஆண்டு முடிந்த பின் பொது நன்கொடையை "மூலதன நிதி" என்று பெயர் மாற்றுகிறார்கள். மூலதன நிதி என்பது கொடுத்தவர் அப்படிக் குறிப்பிட்டுக் கொடுத்தது. வாங்கியவர் பின்னால் சூட்டும் பெயரன்று. இவை பிடிபட்டால் வரி வரும். பிடிபடாவிட்டாலும் பொய்க் கணக்கு பொய்க் கணக்கே. அமானிதத்தை ஏற்றவர் பொய்ச்சீட்டில் கையொப்பமிட்டபின் எந்த முகத்தோடு முதல் ஸஃப்பில் நிற்பது?

"கணக்கு வழக்கெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்பது மற்றொரு சாக்கு. ஆடிட்டர் முன் வைத்த ஏட்டைத்தான் பார்ப்பார். பெட்டியில் எவ்வளவு மீந்தது, எதற்காக மீந்தது என்று மார்ச் மாதத்திலேயே அறிந்திருக்க வேண்டியவர் முதவல்லியும் செயலாளரும். ஆகஸ்ட் கடந்தபின் ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்பதால் பயன் குறைவு.

ஆகவே ஜமாஅத் மக்களுக்கு ஒன்று சொல்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்டதும் கைதட்டிக் கலைந்துவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சென்ற ரமலானில் வந்த ஜகாத்தில் இன்று மீதி எவ்வளவு? 85 விழுக்காட்டில் குறைந்தது எவ்வளவு, அதற்கு எந்தப் படிவம் எந்த நாளில் தரப்பட்டது? இதுவரை வரியாகக் கட்டியது எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து? விடை தயாராக இருந்தால் அந்த நிர்வாகிகளுக்காக துஆச் செய்யுங்கள். விடை இல்லையென்றால், அடுத்த ரமலானில் உங்கள் ஜகாத்தை உங்கள் கையாலேயே ஏழை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் சேர்த்துவிடுங்கள். அதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

அமானிதத்தை உரியவரிடம் உரிய காலத்தில் சேர்ப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.