சூட்டால் சீழ் வராது

சிறுநீர் போகும்போது எரிகிறது என்று ஓர் இளைஞர் சொன்னால், ‘உடம்புச் சூடு’ என்ற பதில் உடனே வரும். இளநீர், பார்லித் தண்ணீர், எண்ணெய்க் குளியல் என்று வைத்தியமும் கூடவே வரும். கோடையில் தண்ணீர் குடிக்காமல் வரும் நீர்க்கடுப்புக்கு இது போதும். ஆனால் எரிச்சலோடு சீழோ வழுவழுப்பான நீரோ கசிந்து உள்ளாடையில் கறை படிந்தால், அது சிறுநீர் வெளியேறும் குழாயில் தொற்றால் வந்த அழற்சி. பெரும்பாலும் கொனோரியா அல்லது கிளமிடியா. இரண்டும் உடலுறவில் பரவுபவை.

‘இளநீர் குடித்தேன், குறைந்ததே!’ என்பார்கள். குறையத்தான் செய்யும். நிறைய நீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய், புண்பட்ட குழாயை அவ்வளவாக எரிக்காது. மருந்தே இல்லாமல் சில வாரங்களில் சீழ் நிற்பதும் உண்டு. கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும், பிறருக்கும் தொற்றும்.

அடுத்த வாதம், ‘யூரின் டெஸ்டில் ஒன்றுமில்லை’. திருமணமான ஒருவருக்கு வெளியுறவுக்குப் பின் நான்காம் நாள் சீழ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்ஸாசின் வாங்கி இரண்டு நாள் விழுங்குகிறார். கொனோரியா கிருமிகள் பலவும் அதை எப்போதோ வென்றுவிட்டன. பிறகு ஆய்வகத்தில் நடுச்சிறுநீரைக் கொடுத்துக் கல்ச்சர் பார்க்கிறார். கிருமி இல்லை என்று வருகிறது. கிருமி குழாயில் இருக்க, முதலில் வந்த சிறுநீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. கிளமிடியாவோ சாதாரணக் கல்ச்சரில் வளரவே வளராது.

இவருக்குத் தேவையானவை வேறு. கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள் ஜோடி ஜோடியாகக் கொனோரியா கிருமிகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஒரு மணி நேரமாவது சிறுநீரை அடக்கி, முதலில் வரும் 20 முதல் 30 மில்லியைப் பிடித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் கிளமிடியாவும் பிடிபடும். கூடவே எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைகளும் அவசியம்.

‘மனைவிக்கு ஒன்றுமில்லையே, அவளுக்கு எதற்கு மாத்திரை?’ இதுதான் எல்லாவற்றிலும் கொடிய வாதம். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வெள்ளைப்படுதல் சற்றுக் கூடினால் அதையும் ‘சூடு’ என்றே ஒதுக்கிவிடுவார்கள். இதற்கிடையே கிருமி கருப்பை வழியே கருக்குழாய்க்கு ஏறித் தழும்பை உண்டாக்கலாம். பின்னாளில் கருத்தரிக்காமல் போகலாம். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆகவே, கடந்த 60 நாட்களில் உறவு கொண்ட எல்லோரையும் பரிசோதித்துச் சிகிச்சை தர வேண்டும். மனைவி கர்ப்பிணியா என்பதை மருத்துவரிடம் சொல்வது முக்கியம். கிளமிடியாவுக்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின் கர்ப்பகாலத்துக்கு ஏற்றதல்ல. மருந்து முடியும்வரை, ஒரே வேளை மருந்தானால் அதன்பின் 7 நாட்கள், இருவரும் உறவைத் தவிர்க்க வேண்டும். கணவர் மட்டும் குணமாகி மனைவி விடுபட்டால், அடுத்த மாதமே அதே எரிச்சலோடு அவர் திரும்பி வரக்கூடும். இருவரும் ஒழுங்காக மருந்தெடுத்தும் எரிச்சல் நீடித்தால், மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற கிருமியை மருத்துவர் தேடுவார்.